கன்ட்ரோலர் சொன்னது 130 டிகிரி. மெஷினில் இருந்தது 122

பாலியெஸ்டர் துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷின் ஒன்றில் நிறம் தொடர்ந்து வெளிறி வந்தது. சாயத்தை மாற்றினார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள். கன்ட்ரோலர் 130 டிகிரியில் அசையாமல் நின்றதால் வெப்பநிலையை யாரும் சந்தேகிக்கவில்லை. எனக்குத் துப்புக் கொடுத்தது காலையில் மெஷின் குளிர்ந்து கிடந்த நேரம்தான். உள்ளே இருந்த தண்ணீரைச் சாதாரண வெப்பமானி 30 டிகிரி என்றது, கன்ட்ரோலரோ 38 என்றது.

உள்ளே இருந்தது பி.டி. 100 வகை ஆர்.டி.டி. என்ற வெப்பநிலை சென்சார். அது வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. சூடேறச் சூடேற அதிலுள்ள பிளாட்டினத்தின் மின்தடை கூடுகிறது, அவ்வளவுதான். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம். கன்ட்ரோலர் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, கிடைக்கும் மின்னழுத்தத்திலிருந்து ஓமைக் கணக்கிட்டு, கீழ்க்கண்ட சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டு டிகிரியைக் காட்டுகிறது (0 டிகிரிக்கு மேல் இது போதும்):

```
R = 100 × (1 + 0.0039083 T − 0.0000005775 T²)
```

ஒரு டிகிரிக்குச் சுமார் 0.38 ஓம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். வழியில் ஒரு ஓம் கூடினால் இரண்டரை டிகிரி கூடிவிடும். அந்த ஓம் பிளாட்டினத்தில் கூடியதா, கேபிளில் கூடியதா என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது.

அந்த மெஷினிலிருந்து கன்ட்ரோலர் இருக்கும் பேனலுக்கு 40 மீட்டர் தூரம். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்குச் சுமார் 39 ஓம். போக, வர 80 மீட்டருக்கு 3.1 ஓம். அதுதான் அந்த 8 டிகிரி. காட்சியில் 130 வர வேண்டுமென்றால் மொத்தம் 149.8 ஓம் வேண்டும். அதில் 3.1 ஓமைக் கேபிளே கொடுத்துவிட்டதால், பிளாட்டினம் 122 டிகிரியைத் தொட்டதுமே கன்ட்ரோலர் நீராவியை நிறுத்திவிட்டது. சாயம் சரியாக ஏறாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்கத்தான் மூன்றாவது கம்பி இருக்கிறது. வழக்கமாக ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் இரண்டு சிவப்பு. கன்ட்ரோலர் இந்தக் கூடுதல் கம்பியின் உதவியால் கேபிளின் தடையை அறிந்து கழித்துக்கொள்கிறது. இங்கே கேபிளை மாற்றியவர் இரண்டு கோர் கேபிளைத்தான் இழுத்திருந்தார். மூன்றாவது டெர்மினல் காலியாக இருந்ததால் கன்ட்ரோலர் சென்சார் பழுது என்று காட்டியது. உடனே பேனலிலேயே இரண்டு சிவப்பு டெர்மினல்களையும் சின்னக் கம்பியால் இணைத்துவிட்டார். பழுது மறைந்தது, கூடவே கழித்தலும் மறைந்தது. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். அந்த இணைப்பு சென்சார் தலைப்பகுதியில்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து மூன்று கோர்களும் பேனல் வரை வர வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. கன்ட்ரோலரின் இரண்டு சிவப்பு டெர்மினல்களுக்கு வரும் கம்பிகளைக் கழற்றி, அவற்றுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். 40 மீட்டருக்கு அப்பால் போய்த் திரும்பும் கம்பி 3 ஓம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் இணைப்பு பேனலுக்குள்ளேயே இருக்கிறது. மீட்டரின் முனைகளை முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அவற்றின் தடையே 0.2, 0.3 ஓம் வரும், அதைக் கழித்துவிட வேண்டும். புதிய மூன்று கோர் கேபிள் போட்ட பிறகு, 30 டிகிரி தண்ணீரில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடையே 114.8 ஓம், சிவப்புக்கும் சிவப்புக்கும் 3.1 ஓம். மீதி 111.7 ஓம், அதாவது 30 டிகிரி.

"எதற்கு இந்தப் பாடு? கன்ட்ரோலரில் 8 டிகிரியைக் குறைத்துவிட்டால் போகிறது" என்றார் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். செம்பும் பிளாட்டினத்தைப் போலவே சூட்டில் தடை கூடும் உலோகம். கேபிள் நீராவிக் குழாய் ஓரமாகப் போய் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அந்தத் திருத்தம் ஒரு டிகிரி பிசகிவிடும். நாளை யாரேனும் தடித்த கேபிளைப் போட்டால், அந்த 8 டிகிரி எதிர்ப்பக்கம் தவறாகும்.

மூன்று கம்பி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அந்தக் கழித்தல் மூன்று கம்பிகளுக்கும் ஒரே தடை என்று நம்பித்தான் நடக்கிறது. சாயப்பட்டறையின் ஈரத்தில் ஒரு டெர்மினல் பச்சை பூத்து ஒரு ஓம் கூடினால், அது எந்தக் கம்பி என்பதைப் பொறுத்துக் காட்சி இரண்டரை டிகிரி ஏறும் அல்லது இறங்கும். சில கன்ட்ரோலர்களில் ஒரு குறிப்பிட்ட கம்பியில் ஓம் கூடினால் மட்டும் காட்சியில் எதுவும் தெரியாது. வெள்ளையிலிருந்து ஒவ்வொரு சிவப்புக்கும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால், கூடுதலாகக் காட்டும் சிவப்பில்தான் கோளாறு. இரண்டும் சமமாக இருந்தும் தவறு தொடர்ந்தால், வெள்ளைக் கம்பியின் டெர்மினலைச் சுரண்டிப் பாருங்கள்.