சிறிய ஓய்வூதியமும் பெரிய ஓய்வு நேரமும்: பெங்களூரு ஆசிரியர்கள் செய்யும் சில கணக்குப் பிழைகள்

பெங்களூரில் தனியார் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கணக்கு கற்பித்து, 58 வயதில் ஓய்வு பெறும் ஓர் ஆசிரியைக்கு வருங்கால வைப்பு நிதி அமைப்பிலிருந்து மாதம் ஏறத்தாழ 4,000 ரூபாய் ஓய்வூதியம் வந்தால், அது அந்தத் திட்டத்தின் கணக்குப்படி சரியான தொகையே. 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்காலத்துக்கு மாதச் சம்பளம் 6,500 ரூபாய் என்றும், அதன் பிந்தைய காலத்துக்கு 15,000 ரூபாய் என்றும் உச்சவரம்பு வைத்து, அதைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்துத்தான் அந்தத் தொகை வருகிறது. கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கூடுதலாகப் பணம் கட்டாதவர்களுக்கு இதில் மாற்றமில்லை. எனவே கூடுதல் வருமானம் தேடுவது இயல்பு. ஆனால் இவர்களில் பலர் முதலில் தம் நேரத்தைப் பயன்படுத்தாமல், கையில் வந்த மொத்தப் பணத்தைப் பயன்படுத்தத் தொடங்குகிறார்கள். பெரிய தவறு அங்கேதான் நிகழ்கிறது.

ஓய்வு பெற்ற செய்தி பரவியதும் முதலில் வந்து சேரும் யோசனை, மனக்கணக்கு, கையெழுத்துப் பயிற்சி, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி போன்றவற்றின் கிளை நிலையத்தை எடுத்து நடத்துவது என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. நான்கு லட்சம் முதலீட்டில் தொடங்கும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். உரிமக் கட்டணம் ஒன்றரை லட்சம், மாதம் 12,000 வாடகைக்குப் பத்து மாத முன்பணம், மேசை நாற்காலி, பெயர்ப்பலகை, பாடப்பொருள் என்று நான்கு லட்சமும் தீர்ந்துவிடும். மாதம் 1,500 ரூபாய் கட்டணத்தில் 25 பிள்ளைகள் சேர்ந்தால் வரவு 37,500. அதில் தலைமை நிறுவனத்துக்குக் கால் பங்கு 9,375, வாடகை 12,000, உதவியாளருக்கு 10,000, மின்சாரத்துக்கும் விளம்பரத்துக்கும் 3,000 கொடுத்தால் மிச்சம் 3,125 ரூபாய். பிள்ளைகள் இருபதாகக் குறைந்தாலோ, மாதம் 2,500 ரூபாய் கைநஷ்டம்.

அதே நான்கு லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால், 8.2 விழுக்காட்டில் ஆண்டுக்கு 32,800, அதாவது மாதத்துக்கு 2,700 ரூபாய்க்குச் சற்று மேல், எந்த உழைப்பும் இல்லாமல் வந்திருக்கும். நாள் முழுதும் நிலையத்தில் உட்கார்ந்து ஈட்டியது அதைவிட ஏறக்குறைய நானூறு ரூபாய்தான் அதிகம். உரிமக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்த நானூறும் நிற்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இரண்டு ஆண்டுக்கு மேல் நடக்கும் ஒரு நிலையத்துக்கு நேரில் போய், சேர்ந்த பிள்ளைகள் எத்தனை, தொடர்ந்து வருபவர்கள் எத்தனை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு நிலையத்தைக் காட்ட நிறுவனத்தார் தயங்கினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

இந்தச் சேமிப்புத் திட்டத்தில் ஒரு தேதியைத் தவறவிடுவது இன்னொரு பிழை. பொதுவாக இதில் சேர 60 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அந்தத் தொகை அளவுக்குக் கணக்குத் தொடங்கிவிடலாம். 58 வயதில் ஓய்வு பெற்றவர் பேரனின் விடுமுறை முடியட்டும், தங்கையின் வீட்டு விசேஷம் முடியட்டும் என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டால், பிறகு 60 ஆகும் வரை காத்திருக்க வேண்டியதுதான். வட்டி வீதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவித்தாலும், கணக்குத் தொடங்கிய நாளில் இருந்த வீதம் ஐந்து ஆண்டுக்கும் மாறாது. பணம் வந்த தேதியைக் காட்டும் வங்கிப் பதிவையும் பள்ளி கொடுத்த சான்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

பணத்தை இப்படி ஓரிடத்தில் அமர்த்திய பிறகு நேரத்துக்கு வருவோம். ஆசிரியருக்கு நன்றாகத் தெரிந்த தொழில் டியூஷன்தான்; அதற்கு முதலீடாக ஒரு வெள்ளைப் பலகை போதும். பள்ளிப் பணியில் இருப்போர் தனிப்பயிற்சி அளிக்கக் கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் தடை ஓய்வு பெற்றவரைக் கட்டுப்படுத்தாது. பயிற்சி மையங்களுக்காக 2024 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளும் ஐம்பதுக்கு மேல் மாணவர் உள்ள இடங்களைப் பற்றியவை. வீட்டுக் கூடத்தில் ஐந்து பிள்ளைகளை வைத்து நடத்துபவரைப் பற்றியவை அல்ல.

இங்கே நடக்கும் பிழை, மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்வது. அல்சூரில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவருக்கு ஒயிட்ஃபீல்டு பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், மாதம் 6,000 ரூபாய். கேட்டவுடன் நல்ல தொகையாகத் தோன்றும். மெட்ரோவுக்கும் அங்கிருந்து ஆட்டோவுக்கும் போகவர 200 ரூபாய் என்றால் பன்னிரண்டு நாளுக்கு 2,400 போய்விடும். போகவர ஆகும் நேரம் போதாதென்று, வாயிலில் காவலர் குறிப்பேட்டில் பெயர், வீட்டு எண், வந்த நேரம் எழுதச் சொல்லி, மேலே போன் போட்டு, மறுமுனையில் யாராவது எடுத்து ‘அனுப்புங்கள்’ என்று சொல்லும் வரை நிற்கும் நேரமும் உண்டு. ஒரு மணி நேர வகுப்புக்கு மூன்று மணி நேரம் செலவாகிறது. மாதத்துக்கு 36 மணி நேரம், மிச்சம் 3,600 ரூபாய், மணிக்கு நூறு.

அதே ஆசிரியை தம் தெருவையும் அடுத்த தெருக்களையும் சேர்ந்த ஐந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை, ஆளுக்கு 2,000 ரூபாய் கட்டணத்தில், வாரம் மூன்று மாலை ஒன்றரை மணி நேரம் வீட்டிலேயே வைத்து நடத்தினால் வரவு 10,000. ஜெராக்ஸ், மார்க்கர் எல்லாம் 500 ரூபாய்க்குள் அடங்கும். வகுப்பு 18 மணி நேரம், தேர்வுத்தாள் தயாரிக்கவும் திருத்தவும் 7 மணி நேரம் என்று கணக்கிட்டால் மணிக்கு 380 ரூபாய் வருகிறது. கட்டணம் மூன்றில் ஒரு பங்காக இருந்தும் வருமானம் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆவது இப்படித்தான். ‘வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுங்கள் டீச்சர், ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறோம்’ என்று யாராவது கேட்கும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது நல்லது.

ஐந்து பிள்ளைகள் என்றதும், வந்தவர்களையெல்லாம் ஒரே குழுவில் உட்கார வைப்பது அடுத்த பிழை. பெங்களூரில் ஒரே தெருவில் கர்நாடக மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ ஆகிய மூன்றிலும் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டியதாகையால், அவர்களையும் சிபிஎஸ்இ பிள்ளைகளையும் பெரும்பாலும் ஒன்றாக நடத்தலாம். ஐசிஎஸ்இ அப்படியன்று. அதில் பத்தாம் வகுப்பிலேயே அணிகள், பங்குகளும் ஈவுத்தொகையும், ஜிஎஸ்டி, தொடர் வைப்புக் கணக்கு ஆகியவை உண்டு. மற்ற இரண்டிலும் இவை இல்லை. ஐசிஎஸ்இ பிள்ளை ஒன்று குழுவில் இருந்தால், அதற்கு அணிகளை விளக்கும் நேரத்தில் மற்ற நால்வரும் சும்மா இருப்பார்கள், இரண்டாவது மாதம் அவர்களின் பெற்றோர் போனில் அழைப்பார்கள். சிபிஎஸ்இ பிள்ளைகளிடம் கணக்குத் தேர்வின் இரண்டு நிலைகளில் எழுதப்போவது ஸ்டாண்டர்டா பேசிக்கா என்பதையும் சேர்க்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓரிடம் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை. கலந்த குழு நிலைத்து நான் பார்த்ததில்லை.

வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு எண்ணிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புத் தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்கிவிடும். மாத முடிவில் கட்டணம் வாங்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கடைசி மாதப் பணம் வந்து சேர்வது அரிது; தேர்வு முடிந்த பிள்ளை மறுபடி வாசற்படி ஏறாது, நாமும் இரண்டாயிரத்துக்காகப் பெற்றோரை விரட்ட மாட்டோம். மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் முன்கட்டணமாக வாங்குவதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை. மேலே சொன்ன குழுவின் 9,500 ரூபாயைப் பத்து மாதத்துக்கு எண்ணிப் பன்னிரண்டால் வகுத்தால், மாதச் சராசரி 7,900தான். வீட்டுச் செலவை அந்தத் தொகைக்குத் திட்டமிட வேண்டும். ஆனால் 2026 முதல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு மே மாதத்தில் இரண்டாவது தேர்வும் உண்டு. விரும்பும் மாணவர் மூன்று பாடங்கள் வரை எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். முன்பு வெறுமையாகப் போன ஏப்ரலில், கணக்கை மட்டும் திரும்ப எழுதுவோருக்கு நான்கு வாரப் பயிற்சி நடத்த இப்போது இடமிருக்கிறது.

வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு இணையத்தில் தமிழ் கற்பிக்கப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்பது கோடையில் கலிஃபோர்னியாவில் முந்தைய நாள் மாலை ஆறரை. குழந்தைக்கும் வசதி, நமக்கும் வசதி. நியூயார்க்கிலோ அது இரவு ஒன்பதரை. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள் என்பதால், அந்த வாரங்களில் ஒரு பக்கம் காத்திருந்து ஏமாறாமல் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

டியூஷன் விளம்பரத்தில் போன் எண்ணைப் போட்டவர்களைத் தேடி வரும் ஒரு மோசடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாம் ராணுவ அதிகாரி, பெங்களூருக்கு மாற்றலாகி வருகிறோம், மகளுக்கு மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடுகிறோம் என்று ஒருவர் இந்தியில் மரியாதையாகப் பேசுவார். கட்டணத்தில் பேரம் பேச மாட்டார், வகுப்பு நேரம்கூடக் கேட்க மாட்டார். உண்மையான பெற்றோர் இந்த இரண்டையும் கேட்காமல் விடுவதில்லை. பிறகு கியூஆர் படம் ஒன்று அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டால் பணம் வந்துவிடும் என்பார். யுபிஐ-யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பிறர் அனுப்பிய கியூஆரை ஸ்கேன் செய்ததும் பின் எண் கேட்கப்பட்டால், அது நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறும் திரை. போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டிராமல் உடனே இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதமாக ஆக, பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

வரியைப் பற்றிய அச்சம் இந்த அளவு வருமானத்துக்குத் தேவையில்லை. இரண்டு குழுக்கள் நடத்தி, 12 லட்சத்தைச் சேமிப்புத் திட்டத்தில் போட்டவருக்கு டியூஷனில் 1,90,000, வட்டியில் 98,400, ஓய்வூதியத்தில் 48,000 என ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தொடவில்லை. புதிய வரிமுறையில் நான்கு லட்சம் வரை வரியே கிடையாது. ஆனாலும் 60 வயது நிரம்பாதவரின் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அஞ்சலகம் பத்து விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஏப்ரலிலும், தமக்கு வரி இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை பான் எண்ணுடன் கொடுத்துவிட்டால் முழு வட்டியும் கைக்கு வரும். மறந்துவிட்டால், பிடித்த 9,840 ரூபாயைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.