கன்னத்தில் ஒரு அறை விட்டால் கைது உண்டா? புகார் கொடுக்கும்போதும் புகாருக்கு ஆளாகும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்கடைத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கப் போகிறீர்கள். பேச்சு முற்றி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிடுகிறார். வீங்கிய முகத்தோடு காவல் நிலையம் போய், "அவனை இப்பவே தூக்கி உள்ளே வையுங்க சார்" என்கிறீர்கள். எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் மறுநாளும் வாசலில் நின்று பல் தேய்க்கிறார். காசு வாங்கிவிட்டார்கள் என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகிறோம். இதுதான் முதல் தவறு.

வெறும் கையால் அடித்துச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவில் வருகிறது. அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. இது பிடியாணை வேண்டும் குற்றம், கோர்ட்டில் சொல்வதுபோல் நான்-காக்னிசபிள். இதில் நீதித்துறை நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்க முடியாது. நடுவர் விசாரிக்கச் சொன்ன பிறகும்கூட, பிடியாணை இல்லாமல் கைது செய்யும் அதிகாரம் மட்டும் வராது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. எது எந்த வகை என்பதை அதே சட்டத்தின் முதல் அட்டவணை பிரிவுவாரியாகக் காட்டுகிறது. குற்றம் நமக்கு எவ்வளவு வலித்தது என்பது அங்கே கணக்கில்லை.

இரண்டாவது தவறு, அந்த சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருப்பது. அது மனு பெற்றதற்கான சீட்டு, வழக்கு அல்ல. நான்-காக்னிசபிள் என்று நிலையத்தில் சொல்லிவிட்டால் நடுவர் நீதிமன்றத்துக்குப் போங்கள். விசாரணைக்கு உத்தரவிடக் கேட்கலாம், அல்லது நேரடியாகத் தனிப் புகார் தாக்கல் செய்யலாம். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பும் பொதுவாக ஓராண்டுதான். சீட்டை நம்பி அந்த ஓராண்டைக் கழித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும்.

அப்புறம், நடந்ததை முழுதாகச் சொல்லாமல் விடுவது. "அடிச்சுட்டான்" என்று ஒரே வரியில் மனு எழுதினால் அது 115(2)தான். அதே அறையில் பல் உடைந்திருந்தால் கொடுங்காயம், 117(2). அது காக்னிசபிள், அதாவது நடுவர் உத்தரவு இல்லாமலே போலீஸ் விசாரிக்கக்கூடிய குற்றம். ஏழாண்டு வரை தண்டனை. அரசு மருத்துவமனைக்குப் போய் காயச் சான்று வாங்கியிருந்தால் இந்த வித்தியாசம் அன்றே தெரிந்திருக்கும். அடிப்பதற்கு முன் உங்களைப் போகவிடாமல் வழிமறித்தாரா? அது 126(2), சிறிய குற்றம், ஆனால் காக்னிசபிள். ஒரு சம்பவத்தில் பல குற்றங்கள் இருந்து, அதில் ஒன்றாவது காக்னிசபிள் என்றால் முழு வழக்கும் காக்னிசபிளாகவே கருதப்படும். எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அப்போது நீங்கள் எடுத்துக்காட்டலாம். இதற்காக நடக்காததைச் சேர்த்து எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரி உடைந்தால் உண்மையான அறையும் சேர்ந்தே காணாமல் போகும்.

சரி, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. இனி கைது நிச்சயம் என்று நினைப்பதும் தவறுதான். காக்னிசபிள் என்றால் பிடியாணை இல்லாமல் கைது செய்ய *முடியும்*, அவ்வளவே. செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், சாட்சியை மிரட்டுவார், ஆதாரத்தை அழிப்பார், மறுபடி குற்றம் செய்வார் என்பதுபோன்ற காரணம் இருக்க வேண்டும். அதை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது. காரணம் இல்லையென்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான். காக்னிசபிள் என்பதையும் ஜாமீன் கிடைக்காது என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வழிமறித்தலில் போலீஸ் கைது செய்யலாம், ஆனால் ஜாமீன் கைதானவரின் உரிமை.

எதிர்த்தரப்பில் நிற்பவர் செய்யும் தவறுகளும் உண்டு. நோட்டீஸ் வந்ததும், "கைது பண்ண முடியாதுன்னு சொன்னாங்களே" என்று தூக்கிப் போட்டுவிடுவது அதில் ஒன்று. சொன்ன நாளில் போய்வந்தால் கைதுக்கு எதிரான பாதுகாப்பு நிற்கும். போகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகலாம். இன்னொன்று, நான்-காக்னிசபிள்தானே என்று பெயர் முகவரி சொல்ல மறுப்பது. போலீஸ்காரர் கண்ணெதிரே அந்தக் குற்றம் நடந்து, அவர் கேட்டும் நீங்கள் சொல்லாவிட்டால், அல்லது பொய்யாகச் சொன்னதாக அவர் கருதக் காரணம் இருந்தால், பெயரையும் முகவரியையும் தெரிந்துகொள்வதற்காக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39ஆம் பிரிவின்படி பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். உண்மையான முகவரி தெரிந்ததும் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தெரியவில்லை என்றால் நடுவர் முன் நிறுத்துவார்கள்.