ஒரே கைபேசியில் இரண்டு சிம்: அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா ஆகியவற்றுக்கு எதை வைப்பது?

இரண்டு சிம் போடும்போது பலருக்கும் வரும் பயம், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்றுக்கு அழைப்பு வராமல் போய்விடுமோ என்பதுதான். அப்படி ஆகாது. கைபேசியில் நாம் செய்யும் தேர்வு, நம்மிடமிருந்து வெளியே செல்லும் அழைப்பும் குறுஞ்செய்தியும் எந்த எண்ணிலிருந்து போக வேண்டும், இணையத்தை எந்த சிம் தர வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. உள்ளே வரும் அழைப்புகளும் ஓடிபிகளும், இரண்டு சிம்மும் இயக்கத்தில் இருக்கும் வரை, இரண்டு எண்களுக்கும் வந்துகொண்டே இருக்கும். கீழே உள்ள படிகள் ஆண்ட்ராய்டு கைபேசிக்கானவை. திரையில் தெரியும் பெயர்களை சாம்சங் கைபேசியில் உள்ளபடி தந்திருக்கிறேன். மற்ற நிறுவனங்களின் கைபேசிகளில் பெயர் சற்று மாறினாலும் வேலை ஒன்றுதான்.

முதல் படி: சிம்மைப் பொருத்துதல்

உங்கள் கைபேசி இரண்டு சிம்மை ஏற்குமா என்ற ஐயம் இருந்தால், எண்களை அழுத்தும் திரையில் கீழே உள்ளதை அழுத்திப் பாருங்கள்.

```
*#06#
```

இரண்டு ஐஎம்இஐ எண்கள் தோன்றினால், அந்தக் கைபேசியில் இரண்டு எண்களை வைத்துக்கொள்ளலாம். பிறகு கைபேசியை அணைத்துவிட்டு, பெட்டியோடு வந்த ஊசியால் சிம் தட்டை வெளியே எடுங்கள். அருகிலேயே மைக்கின் துளையும் இருக்கக்கூடும் என்பதால், தட்டின் விளிம்புக் கோட்டுக்குள் இருக்கும் துளையில் மட்டுமே ஊசியைச் செலுத்துங்கள். சில மாடல்களில் இரண்டாவது இடம் சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் பொதுவானது. அங்கே இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும்.

பழைய சிம் பெரிய அளவில் இருந்தால் அதைக் கத்தரித்துப் பொருத்த முயல வேண்டாம். சேவை மையத்தில் அதே எண்ணுக்கு நானோ சிம் வாங்கிக்கொள்வதே நல்லது. ஆனால் இந்தியாவில் அப்படி மாற்றிய சிம்முக்கு, மோசடியைத் தடுப்பதற்காக, முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். ஆகவே வங்கி வேலை ஏதேனும் இருந்தால் அதை முடித்துவிட்டு சிம்மை மாற்றுங்கள்.

இரண்டாம் படி: பெயர் சூட்டுதல்

கைபேசியை இயக்கியதும் Settings > Connections > SIM manager என்ற இடத்திற்குச் செல்லுங்கள். மோட்டோரோலா, பிக்சல் கைபேசிகளில் இது Settings > Network & internet > SIMs என்று இருக்கும். அங்கே ஒவ்வொரு சிம்மையும் தொட்டு, SIM 1, SIM 2 என்பதற்குப் பதிலாக "வங்கி", "நெட்" என்பது போன்ற பெயர்களைக் கொடுங்கள். அழைப்பு வரும்போதும் அந்தப் பெயரே திரையில் தெரிவதால், எந்த எண்ணுக்கு வந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

மூன்றாம் படி: எந்த வேலைக்கு எந்த சிம்

அதே திரையில் Calls, Messages, Mobile data என்ற மூன்று வரிகள் இருக்கும். ஈரோட்டில் துணிக்கடை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பழைய எண் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பதிவாகியிருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கும் அந்த எண்தான் தெரியும். அதைக் குறைந்த கட்டண ரீசார்ஜில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் டேட்டா தரும் திட்டத்தோடு புதிய எண் ஒன்றை வாங்கியிருக்கிறார்.

டேட்டாவில் குழப்பம் இல்லை: Mobile data வரியில் புதிய சிம். ஒரு நேரத்தில் ஒரு சிம் மட்டுமே டேட்டா தரும் என்பதால், பழைய சிம்மின் இருப்பு இணையத்தில் கரையாது. வாட்ஸ்அப் எந்த எண்ணில் பதிவானதோ அதிலேயே நீடிக்கும். டேட்டா சிம்மை மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

குறுஞ்செய்திக்குப் பழைய சிம்மையே வைக்கச் சொல்வேன். நாம் கையால் குறுஞ்செய்தி அனுப்புவது அரிதாகிவிட்டது. ஆனால் யுபிஐ செயலியை முதன்முறை அமைக்கும்போது, அது வங்கியில் பதிவான எண்ணிலிருந்து தானாகவே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பித்தான் உங்களை அடையாளம் காண்கிறது. அது வேறு எண்ணிலிருந்து போனாலோ, பழைய சிம்மில் குறுஞ்செய்தி அனுப்ப இருப்பு இல்லாவிட்டாலோ, சரிபார்ப்பு தோல்வியடையும். செயலி எந்த சிம் என்று கேட்டால், அங்கும் வங்கி எண்ணையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அழைப்புதான் சற்று யோசிக்க வேண்டியது. கட்டணத்தைப் பார்த்தால் புதிய எண்ணே வசதி. ஆனால் அதிலிருந்து அழைத்தால் வாடிக்கையாளருக்கு அறிமுகமில்லாத எண் தெரியும், அவர் எடுக்காமலே விடக்கூடும். எனவே Calls வரியில், ஒவ்வொரு முறையும் கேட்கும்படியான தேர்வை வைப்பது இவருக்குப் பொருந்தும். ஒரு தொடுதல் கூடுதலாகும், அவ்வளவுதான். வெளி அழைப்பு குறைவாக உள்ளவர்கள் ஒரே சிம்மை நிலையாக வைத்துவிடலாம்.

நான்காம் படி: சோதித்துப் பார்த்தல்

வீட்டில் உள்ள இன்னொரு கைபேசிக்கு அழைத்து, அங்கே எந்த எண் தெரிகிறது என்று பாருங்கள். அதே கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிப் பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால், மேலே உள்ள இரண்டு சிக்னல் குறிகளில் எதன் அருகே 4ஜி அல்லது 5ஜி என்ற எழுத்தும் அசையும் அம்புகளும் தெரிகின்றனவோ, அதுவே டேட்டா தரும் சிம்.

சிக்னல் இருந்தும் ஜியோ எண்ணில் அழைப்பு போகவில்லை என்றால், Settings > Connections > Mobile networks என்ற இடத்தில் அந்த சிம்முக்கு, 4ஜி வழியாகப் பேச உதவும் VoLTE இயக்கத்தில் உள்ளதா, நெட்வொர்க் வகை 2ஜி அல்லது 3ஜியில் மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது என்பதால், அந்தப் பழைய வழிகளில் அழைப்பு செல்லாது.

பயன்படுத்தும்போது தெரியவரும் வரம்புகள்

பெரும்பாலான கைபேசிகளில் இரண்டு சிம்மும் காத்திருக்க முடியுமே தவிர, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. அதனால் கடைக்காரர் பழைய எண்ணில் பேசிக்கொண்டிருக்கும்போது, புதிய எண்ணின் இணையம் நின்றுவிடும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்த கணினியும் துண்டிக்கப்படும். பேச்சு முடிந்ததும் அது தானே திரும்பும் என்பதால், இதைப் பழுது என்று எண்ண வேண்டாம். SIM manager திரையில் Auto data switching என்ற வசதி இருந்தால், பேசும் நேரத்தில் மற்ற சிம்மின் டேட்டாவை அது எடுத்துக்கொள்ளும். ஆனால் நம் எடுத்துக்காட்டில் பழைய சிம்மில் டேட்டா திட்டம் இல்லை. அங்கே இதை இயக்கினால் இருப்புத் தொகை குறைய வாய்ப்புண்டு. அணைத்தே வையுங்கள்.

இதே காரணத்தால், ஓர் எண்ணில் பேசும்போது மற்ற எண்ணுக்கு அழைப்பவருக்குத் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக அறிவிப்பு கேட்கலாம். அதைத் தவிர்க்க, அழைப்புச் செயலியின் அமைப்புகளில் ஒவ்வொரு சிம்முக்கும் உள்ள Call forwarding பகுதிக்குச் சென்று, தொடர்பு கிடைக்காத நேரத்தில் மட்டும் அழைப்பை மற்ற எண்ணுக்குத் திருப்பும்படி அமைக்கலாம். அந்த எண்ணில் அழைப்புக் காத்திருப்பு வசதியும் இயக்கத்தில் இருக்க வேண்டும். எல்லா அழைப்பையும் திருப்பும்படி அமைத்துவிட்டால், பழைய எண் ஒலிக்கவே ஒலிக்காது. யாராவது தொலைபேசியில் அழைத்து, நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால் செய்யாதீர்கள். உங்கள் அழைப்புகளைத் தம் பக்கம் திருப்பி, குரல்வழி ஓடிபியைப் பறிக்கும் மோசடி அவ்வாறு நடந்ததால்தான், *401# போன்ற குறியீடுகளால் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.