சோலார் டெக்னீஷியன் ரெஸ்யூமே: ‘கமிஷனிங்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வேலை அறிவிப்பில் மூன்று தகுதிகள் கேட்டிருக்கிறீர்கள்: எலக்ட்ரிக்கல் லைசென்ஸ், சைட் பாதுகாப்பு அனுபவம், கமிஷனிங் அனுபவம். உங்கள் மேஜையில் இரண்டு ரெஸ்யூமேக்கள் இருக்கின்றன. முதலாமவர், “5 மெகாவாட் சோலார் திட்டங்களை நிறுவி கமிஷனிங் செய்தேன்” என்று எழுதியிருக்கிறார். இரண்டாமவர் ‘கமிஷனிங்’ என்ற சொல்லையே எழுதவில்லை. “ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் வோல்டேஜ், போலாரிட்டி, மெகர் டெஸ்ட் எடுத்து, எர்த் தொடர்ச்சி பார்த்து, ரிப்போர்ட் தயாரித்தேன்” என்றிருக்கிறது. சொல்லைத் தேடிப் படிப்பவர் முதலாமவரை எடுத்துவிட்டு இரண்டாமவரை ஒதுக்கிவிடுவார். நான் பார்த்ததில் அடிக்கடி நடக்கிற தவறு இதுதான்.

இரண்டாமவர் எழுதியிருப்பதே கமிஷனிங். இன்வெர்ட்டரை ஆன் செய்வது அதன் கடைசிப் படி மட்டும். அதற்கு முன், வயரிங் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்து, அளவுகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். 5 மெகாவாட் என்பது திட்டத்தின் அளவு. அதில் முதலாமவர் தாங்குசட்டம் மட்டும் மாட்டியிருக்கலாம், கேபிள் மட்டும் இழுத்திருக்கலாம். அது குறைவான வேலை இல்லை, ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

சந்தேகம் இருந்தால் போனிலேயே ஒரு கணக்குக் கேளுங்கள். ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது தொடராக இணைத்த ஒரு பேனல் வரிசையில், 18 பேனல். லேபிளில் ஒவ்வொன்றுக்கும் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் 41. அப்படியானால் மொத்தம் 738 வோல்ட். வெயில் நேரத்தில் அளந்தால் ஒரே மாதிரியான நான்கு ஸ்ட்ரிங்குகளில் மூன்று 670 காட்டுகின்றன, ஒன்று 633 காட்டுகிறது. என்ன நினைப்பீர்கள்?

கையால் அளந்து பழகியவர் 738 வரவில்லையே என்று பதற மாட்டார். லேபிளில் இருப்பது 25 டிகிரி செல்சியஸுக்கான அளவு, பேனல் சூடானால் வோல்டேஜ் இறங்கும். அதனால் 670 இயல்புதான் என்பார். ஆனால் நான்காவதில் 37 வோல்ட் குறைகிறது. 670-ஐ 18-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட அதே 37. அப்படியென்றால் ஒரு பேனல் வரிசையில் சேராமல் விடுபட்டிருக்கலாம், அதைத்தான் முதலில் தேடுவேன் என்பார். இன்வெர்ட்டரை ஆன் செய்து மட்டும் பழகியவர், “இன்வெர்ட்டர் எரர் காட்டாவிட்டால் பிரச்சினை இல்லை” என்பார். 633 வோல்ட்டிலும் அந்த இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும், உற்பத்திதான் குறையும்.

லைசென்ஸ் விஷயத்தில் ‘இருக்கிறது, இல்லை’ என்று டிக் போட்டுவிட்டு நகர்வது அடுத்த தவறு. எந்த வகை லைசென்ஸ், தனியாக வேலை செய்ய அனுமதிக்கிறதா, இல்லை ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமா, எந்தத் தேதிவரை செல்லும், வேலை நடக்கப்போகும் இடத்தில் செல்லுபடியாகுமா? இவ்வளவும் பார்க்க வேண்டும். சோலார் பயிற்சிச் சான்றிதழும் எலக்ட்ரிக்கல் லைசென்ஸும் ஒன்றல்ல. ரெஸ்யூமேயில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடுவதால் குழப்பம் வருகிறது. தேதிகளையும் ஒப்பிடுங்கள். 2018 முதல் அனுபவம், லைசென்ஸ் 2023-இல் என்றிருந்தால், முதல் ஐந்து வருடம் யாருடைய பொறுப்பில் வேலை செய்தார் என்று கேளுங்கள். அதைப் பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், பலரும் உதவியாளராகத்தான் தொடங்குகிறார்கள். ஆனால் ‘2018 முதல் லைசென்ஸுடன்’ என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஒரு நாள் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து திருப்தி அடைந்துவிடுகிறோம். சோலார் சைட்டில் முக்கியமான ஆபத்து இரண்டு: உயரத்திலிருந்து விழுவது, வெயில் இருக்கும்வரை அணைக்க முடியாத டிசி மின்சாரம். மெயின் சுவிட்சை ஆஃப் செய்தாலும் பேனலிலிருந்து வரும் கேபிளில் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். கரண்ட் ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிரித்தால் தீப்பொறி நீண்டு எரியும், கையையும் சுட்டுவிடும். அதனால் “ஒரு ஸ்ட்ரிங்கை எப்படிப் பிரிப்பீர்கள்?” என்று கேளுங்கள். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டி, கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கனெக்டரில் கை வைப்பேன் என்று வரிசையாகச் சொல்பவர் அதைச் செய்து பழகியவர். ஹார்னஸ் போடுவேன் என்பவரிடமும் அதை எதில் மாட்டுவீர்கள் என்று கேளுங்கள். “பேனல் சட்டத்தில்” என்று பதில் வந்தால், சான்றிதழ் எதுவாக இருந்தாலும் அவரைக் கூரையில் ஏற்றாதீர்கள். விழும் ஆளின் இழுவையைத் தாங்க அந்தச் சட்டம் செய்யப்படவில்லை.

அந்த இரண்டாமவரின் ரெஸ்யூமேயில் லைசென்ஸ் எண் இல்லை. அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், போன் செய்து எண்ணைக் கேளுங்கள். கூடவே, வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டு, அவர் தயாரித்த டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்றையும் அனுப்பச் சொல்லுங்கள்.