நடு ஆண்டில் பணம் சேர்த்தால் ரிட்டர்ன் எவ்வளவு? இரண்டு கணக்கு, இரண்டு விடை

ஒரு ஃபண்டில் ஜனவரி 1 அன்று 1,000 போடுகிறீர்கள். ஜூலை 2 அன்று அது 1,200 ஆகியிருக்கிறது. நன்றாக ஏறுகிறதே என்று அன்றே இன்னும் 1,800 சேர்க்கிறீர்கள், மொத்தம் 3,000. அதன் பிறகு சந்தை இறங்கி, அடுத்த ஜனவரி 1 அன்று கணக்கில் 2,700 நிற்கிறது.

ஃபண்டின் அறிக்கை 8% லாபம் என்கிறது. நீங்கள் போட்டதோ 2,800, இருப்பதோ 2,700. அறிக்கை பொய் சொல்லவில்லை, உங்கள் கணக்கும் தப்பில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

படி 1: டைம் வெயிட்டட் ரிட்டர்ன்

பணம் உள்ளே வந்த நாளில் ஆண்டை இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ரிட்டர்ன் பாருங்கள்.

முதல் துண்டில் 1,000 என்பது 1,200 ஆனது, அதாவது 1.20 மடங்கு. இரண்டாம் துண்டில் 3,000 என்பது 2,700 ஆனது, 0.90 மடங்கு. இரண்டையும் பெருக்குங்கள்:

```
1.20 × 0.90 = 1.08
```

ஆக 8%. இதில் 1,800 என்ற தொகை எந்தப் பாதிப்பையும் ஏற்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். 18 சேர்த்திருந்தாலும் 18,000 சேர்த்திருந்தாலும் இதே 8% தான். எப்போது, எவ்வளவு பணம் வரும் என்பது ஃபண்ட் மேனேஜர் கையில் இல்லை. அதனால் அவரை மதிப்பிட இந்த முறைதான் நியாயமானது. ஒரு ஃபண்டை இன்டெக்ஸோடு ஒப்பிடும்போதும் இதையே எடுங்கள்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதல் துண்டின் முடிவு மதிப்பு, பணம் சேர்ப்பதற்கு முந்தைய மதிப்பாக இருக்க வேண்டும். தவறுதலாக 3,000 என்று எடுத்தால் 3.00 × 0.90 = 2.70, அதாவது 170% லாபம் என்று வரும். நீங்களே போட்ட பணம் லாப வேடம் போட்டு வந்துவிடுகிறது. விடை நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

படி 2: மணி வெயிட்டட் ரிட்டர்ன்

இப்போது கேள்வி வேறு: என் பணம், அது உள்ளே இருந்த காலத்தில், ஆண்டுக்கு என்ன விகிதத்தில் வளர்ந்தது? 1,000 முழு ஆண்டு இருந்தது, 1,800 ஏறத்தாழ அரை ஆண்டு இருந்தது. இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்ந்து, சேர்ந்து 2,700 ஆக வேண்டும்:

```
1000 × (1 + r) + 1800 × (1 + r)^0.5 = 2700
```

கையால் தீர்க்கத் தேவையில்லை. ஸ்ப்ரெட்ஷீட்டில் A நெடுவரிசையில் தேதி, B-யில் தொகை. கையிலிருந்து போன பணத்துக்குக் கழித்தல் குறி. கடைசி மதிப்பு, அன்று எடுத்துவிட்டதாக நினைத்து, குறியில்லாமல்.

```
2023-01-01    -1000
2023-07-02    -1800
2024-01-01     2700

=XIRR(B1:B3, A1:A3)
```

விடை சுமார் -5.2%. சோதித்துப் பார்ப்போம்: 1,000 முழு ஆண்டில் 948 ஆகிறது, 1,800 அரை ஆண்டில் 1,752 ஆகிறது, கூட்டினால் 2,700. சரி. எல்லாத் தொகைக்கும் ஒரே குறி போட்டிருந்தால் விடைக்குப் பதில் `#NUM!` வரும்.

வெறுமனே 100-ஐ 2,800-ஆல் வகுத்து -3.6% என்று சொல்வதும் உண்டு. அது 1,800-உம் ஆண்டு முழுக்க இருந்ததுபோல் பாவிக்கிறது. நஷ்டம் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்.

படி 3: வரிசையை மாற்றிப் பாருங்கள்

என் பார்வையில் விஷயம் நன்றாகப் பிடிபடுவது இங்கேதான். அதே ஃபண்ட், முதலில் 10% இறங்கி, பிறகு 20% ஏறியது என்று வையுங்கள். 1,000 என்பது 900 ஆகிறது. 1,800 சேர்க்க 2,700. ஆண்டு முடிவில் 3,240.

டைம் வெயிட்டட் ரிட்டர்ன் 0.90 × 1.20, மறுபடியும் அதே 8%. மணி வெயிட்டட் ரிட்டர்னோ ஏறத்தாழ +23.8%. ஃபண்டின் வேலையில் மாற்றமில்லை. பெரிய தொகை ஏற்றத்துக்கு முன் வந்ததா, இறக்கத்துக்கு முன் வந்ததா என்பதே வித்தியாசம். இரண்டு எண்களுக்கும் இடையிலான இந்த இடைவெளி, நீங்கள் பணம் சேர்த்த நேரத்தின் விளைவு.

XIRR-ஐ எப்போது நம்பக்கூடாது?

XIRR எப்போதும் ஆண்டு விகிதமாகவே சொல்லும். கணக்கு தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது, 5% ஏறியிருக்கிறது என்றால் அது 10.25% அளவில் காட்டும். மீதி ஆறு மாதமும் அப்படியே போகும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. முதலீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் ஜிப்ஸ் தரநெறிகளும், ஓராண்டுக்குக் குறைவான ரிட்டர்னை இப்படி ஆண்டு விகிதமாக மாற்றிக் காட்டக்கூடாது என்கின்றன. ஓராண்டு நிறையும்வரை, படி 1-இல் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே எத்தனை ரூபாய் கூடியது, குறைந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.