டை அடிச்சு முடி ரொம்ப கருப்பாயிடுச்சா? ப்ளீச் இல்லாம வீட்லயே கொஞ்சம் இறக்கலாம்

டார்க் பிரவுன்னு பாக்கெட்ல போட்டிருக்கும், அடிச்சு அலசிப் பாத்தா மையாட்டம் கருப்பு. பாலக்கோட்டுல எங்க சித்தி பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு. கிரீம் டைய வேர்ல இருந்து நுனி வரைக்கும் ஒரே மாதிரி பூசிட்டா. வேர்ப்பக்கம் மூணு விரக்கடை நல்ல பிரவுனா வந்துச்சு, அதுக்குக் கீழ பூரா கருப்பு. ஏன்னா நுனிப்பக்கம் ஏற்கனவே பழைய டை இருக்கு, அதுமில்லாம அந்த முடி காஞ்சு போயிருக்கும், டைய ஜாஸ்தியா இழுத்துக்கும். அதனால சரி பண்ண வேண்டியது தலை பூரா இல்ல, கருத்துப்போன அந்த பாகத்த மட்டுந்தான்.

முதல்ல என்ன டை போட்டீங்கன்னு பாருங்க. ரெண்டு ட்யூப் கலந்து பூசற கிரீம் டைனா கீழ சொல்றது ஓரளவு வேலை செய்யும். தண்ணில கரைச்சுப் போடற கருப்பு மருதாணி பொடினா பலன் ரொம்பக் கம்மிதான், அதுல அவுரி இருந்தா முடியோட கெட்டியா ஒட்டிக்கும். அந்தப் பொடி மேல ப்ளீச் மட்டும் போட்டுடாதீங்க, சிலதுல உலோக உப்பு கலந்திருக்கும், அது ப்ளீச்சோட சேந்தா சூடாகி முடியே பொசுங்கிடும்.

அடுத்தது, அதுக்கு மேல லைட் கலர் டை வாங்கி அடிக்காதீங்க. நிறைய பேர் இதத்தான் செய்றாங்க. டை மேல டை போட்டா பழைய டை இறங்காது, இன்னும் கருக்கத்தான் செய்யும்.

முதல் ரெண்டு மூணு தடவை பொடுகு ஷாம்பு போட்டு வெதுவெதுப்பான தண்ணில அலசுங்க, அதுலயே கொஞ்சம் இறங்கும். அப்புறம் வெயில் வெளிச்சத்துல நின்னு பாருங்க, டியூப்லைட்ல எல்லாமே கருப்பாத்தான் தெரியும்.

அப்பவும் பத்தலனா விட்டமின் சி. டையோட கலர் முடிக்குள்ள ஆக்சிஜனோட சேந்துதான் உருவாகுது, விட்டமின் சி அந்த வேலைய கொஞ்சம் திருப்பி விடுது, உங்க சொந்த முடி கலர அது ப்ளீச் மாதிரி பிச்சு எடுக்கறதில்ல. டை போட்ட சில நாளுக்குள்ள பண்ணாதான் பலன் நல்லா தெரியும். மெடிக்கல்ல 500 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கும், சப்பி சாப்பிடறதுல சர்க்கரையும் கலரும் இருக்கும், சர்க்கரை இல்லாதது கிடைச்சா நல்லது.

மொதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு கொத்து முடில டெஸ்ட் பண்ணுங்க. ஒரு மாத்திரைய நல்லா மாவா இடிச்சு, ஒரு ஸ்பூன் ஷாம்புல கொழைச்சு, ஈர முடில தடவி அரை மணி நேரம் விட்டு அலசுங்க, காஞ்சதுக்கப்புறம் பாருங்க. கலர் லேசா இறங்கியிருந்தா தோள் வரைக்கும் இருக்கற முடிக்கு பத்து மாத்திரையும் மூணு ஸ்பூன் ஷாம்புவும் போதும். எங்க சித்தி பொண்ணு வேர்ப்பக்கத்த தனியா கிளிப் போட்டு ஒதுக்கிட்டு, கருத்த பாகத்துக்கு மட்டும் தடவி, பிளாஸ்டிக் கவர் சுத்தி முக்கால் மணி நேரம் வச்சா. அலசும்போது நுரை பழுப்பா இறங்குச்சு. மண்டைல சிராய்ப்பு, அரிப்பு இருந்தா பண்ணாதீங்க, எரியும்.

அலசறதுக்கு நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு விஷயம் இருக்கு. போர் தண்ணி நிறைய ஊர்ல உப்பு, ஷாம்பு நுரைக்காது, மாத்திரைப் பொடியும் சரியா போகாம முடி வறவறன்னு நிக்கும். கடைசி ரெண்டு சொம்பாவது ஒகேனக்கல் தண்ணில அலசுங்க, அப்புறம் கண்டிஷனர நுனிக்கு நல்லா போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க.

அவளுக்கு கருப்பு டார்க் பிரவுனுக்கு வந்துச்சு, வேரோட கிட்டத்தட்ட சேந்துடுச்சு. அவ்ளோதான் இறங்கும், ஒரு ஷேடு, மிஞ்சினா ஒண்ணரை. பத்தலனா ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை பண்ணலாம், அதுக்கு மேல வேண்டாம். ஈர முடிய ஒண்ணு எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்க, இழுத்தது இழுத்தபடியே நீண்டு நின்னா இல்ல பட்டுனு அறுந்தா அத்தோட நிறுத்திடுங்க. கருப்புல இருந்து லைட் பிரவுனுக்கு வரணும்னா அது பார்லர்ல, கலர் தெரிஞ்ச ஆள் பண்ற வேலை.

சோடா உப்பு, துணி சோப்பு, முகத்துக்குப் போடற ப்ளீச் இதெல்லாம் தலைல வைக்காதீங்க, முடியோட மேல்தோல விரிச்சு சொரசொரன்னு ஆக்கிடும். டை போட்டதுல இருந்து மண்டை அரிச்சு முகம், கண்ணு வீங்குனா இது கலர் பிரச்சனை இல்ல, அலர்ஜி. நல்லா அலசிட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க, மூச்சு திணறுனா நேரா ஆஸ்பத்திரிக்கு.

அடுத்த டைக்கு ரெண்டு வாரமாவது விடுங்க. அப்ப நெனச்சதுக்கு ஒரு ஷேடு லைட்டா வாங்கி, வளந்த வேருக்கு மட்டும் பூசுங்க, நுனிக்கு கடைசி அஞ்சு நிமிஷம் போதும்.