மறு ஆர்டருக்கு முன்: ஸ்டாக் எவ்வளவு, எக்ஸ்பைரி எப்போது என்று ஏற்றுமதியாளரிடம் கேட்பது எப்படி?

நெதர்லாந்திலிருந்து சென்னைக்கு ரீஃபர் கண்டெய்னரில் க்ரீம் சீஸ் வரவழைக்கிறீர்கள். மொத்த ஆயுள் 180 நாள், தேவை 400 பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் உங்கள் கணக்கு, பிறகுதான் மெயில். இந்தியாவில் FSSAI விதிப்படி, இறக்குமதியின்போது உணவுப்பொருளுக்கு மொத்த ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவாவது மீதி இருக்க வேண்டும். 180 நாள் பொருளுக்கு 60 சதவீதம் என்பது 108 நாள். ஆகவே மூன்று மாதம் போதும். 100 நாள் பொருளென்றால் 60 நாள்.

ஜூன் 8 லோடிங், கப்பலில் 35 நாள், தாமதத்துக்கு 10 நாள் என்றால் ஜூலை 23 ஆகிவிடும். எக்செலில் B2-இல் அந்தத் தேதி, C2-இல் மொத்த ஆயுள் நாட்களைப் போட்டு:

```
=MIN(EDATE(B2,3),B2+0.6*C2)
```

விடை ஐந்திலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம், செல்லைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் அக்டோபர் 23 என்று காட்டும். லேபிளில் அதற்கு முந்தைய தேதி இருந்தால் சரக்கு கஸ்டம்ஸ் தாண்டாது. இது நுழைவதற்கான எல்லை மட்டுமே. கடையில் விற்கவும் நாள் வேண்டும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த படியில். "ஸ்டாக் இருக்கிறதா, ஷெல்ஃப் லைஃப் எவ்வளவு?" என்று கேட்டால், "800 பெட்டி, ஆறு மாதம்" என்றுதான் பதில் வரும். ஆறு மாதம் என்பது பொருளின் மொத்த ஆயுள். மீதி ஆயுள் அல்ல. 800-இல் பாதி வேறொருவருக்கு ஒதுக்கியதாகவும் இருக்கலாம். ஆகவே பேட்ச் வாரியாகக் கேளுங்கள்: பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, பெஸ்ட் பிஃபோர் தேதி, யாருக்கும் ஒதுக்காத பெட்டிகள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் வேண்டவே வேண்டாம். மெயிலில் அட்டவணையாக வாங்குங்கள்.

பதில் இப்படி வருகிறது: அக்டோபர் 5 தேதியில் 250 பெட்டி, நவம்பர் 2-இல் 350, நவம்பர் 20-இல் 200, ஆனால் கடைசி 200-ம் வேறு ஆர்டருக்குப் போகிறது. மொத்தம் 800 என்பது உண்மைதான், உங்களுக்கு ஆகக்கூடியதோ 350. மீதி 50-க்குப் புது உற்பத்தி எந்தத் தேதியில் என்று கேளுங்கள், அல்லது 350-ஐ மட்டும் எடுங்கள். அக்டோபர் சரக்கைத் தள்ளுபடி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஒத்துக்கொண்ட பேட்ச் எண்ணையும் குறைந்தபட்ச பெஸ்ட் பிஃபோர் தேதியையும் புரோஃபார்மா இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள். லோடிங் அன்று பெட்டி லேபிளின் படமும் வேண்டும், ஏனென்றால் கிடங்கில் பழைய பேட்ச் முதலில் வெளியேறுவதே வழக்கம்.

பின்சேர்க்கை: 02/11 என்று எழுதி வந்தால் நவம்பர் 2-ஆ, பிப்ரவரி 11-ஆ என்ற குழப்பம் வரும். மாதத்தை எழுத்தில் கேளுங்கள். பயண நாட்களையும் பழைய ஆர்டரிலிருந்து எடுக்காதீர்கள். 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயிருக்கின்றன. ஃபார்வேர்டரிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு B2-ஐ மாற்றுங்கள்.